யு-குழாயின் மட்ட வேறுபாட்டிலிருந்து வேகம்: எந்த அடர்த்தி எங்கே வரும்?

கேள்வி: வெஞ்சுரிமானி படத்தில் யு-குழாயின் பாதரச மட்ட வேறுபாடு h கொடுத்திருக்கிறார்கள். ஒரு புத்தகத்தில் ρm·g·h என்று இருக்கிறது, இன்னொன்றில் (ρm − ρ)·g·h என்று இருக்கிறது. எது சரி? பிட்டோ குழாய்க்கும் இதேதானா? படம் கொஞ்சம் மாறினாலே எந்த அடர்த்தியை எங்கே போடுவது என்று குழம்பிவிடுகிறது.

பதில்:

குழாயில் தண்ணீர் ஓடுகிறது, யு-குழாயில் பாதரசம் இருக்கிறது என்றால் கழித்துப் போடுவதுதான் சரி. ஓடுவது காற்றாக இருந்தால் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் விடையில் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் சில புத்தகங்கள் கழிக்காமல் விட்டுவிடுகின்றன. பிட்டோ குழாய்க்கும் அழுத்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் முறை இதேதான். அதை வேகமாக மாற்றும் படி மட்டும் வேறு.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் படம் மாறும்போது குழப்பம் வரத்தான் செய்யும். அதற்குப் பதிலாகப் படத்திலேயே ஒரு துளையில் தொடங்கி, இணைப்புக் குழாய் வழியாக இறங்கி, யு-குழாயைக் கடந்து, அடுத்த துளை வரை விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். இறங்கும்போது அழுத்தம் கூடும், ஏறும்போது குறையும். எவ்வளவு கூடும், குறையும் என்பது அந்த இடத்தில் என்ன திரவம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் படம். ஒரு கிடைக்குழாய், நடுவில் குறுகுகிறது. அகன்ற பகுதியில் ஒரு துளை (1), குறுகிய கழுத்தில் ஒரு துளை (2). இரண்டிலிருந்தும் கீழே இறங்கும் இணைப்புக் குழாய்கள் யு-குழாயின் இரண்டு புயங்களில் சேர்கின்றன. அடியில் பாதரசம், அதற்கு மேலே துளை வரைக்கும் தண்ணீர். கழுத்தில் வேகம் அதிகம், ஆகவே அழுத்தம் குறைவு. அகன்ற பகுதியின் அழுத்தம் தன் பக்கத்துப் பாதரசத்தைக் கீழே தள்ளும், கழுத்துப் பக்கத்தில் அது மேலே ஏறும். உங்கள் படத்தில் கழுத்துப் பக்கப் பாதரசம் தாழ்ந்திருந்தால் படத்தைத் தப்பாக வரைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கணக்கைத் தொடங்கும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இப்போது நடக்கலாம். துளை 1-இல் அழுத்தம் p1. அங்கிருந்து தாழ்ந்த பாதரச மட்டம் வரை y உயரம் தண்ணீரில் இறங்குகிறோம், அழுத்தம் p1 + ρ·g·y ஆகிறது. அதே கிடைமட்டத்தில் மறு புயத்தில் பாதரசத்துக்குள் இருக்கிறோம். ஒரே திரவம், இடைவெளி இல்லாமல் இணைந்திருக்கிறது, அசையாமல் நிற்கிறது. ஆகவே ஒரே மட்டத்தில் அழுத்தமும் ஒன்றே. அங்கிருந்து h உயரம் பாதரசத்தில் ஏறுகிறோம், ρm·g·h குறைகிறது. மிச்சமுள்ள (y − h) உயரம் தண்ணீரில் ஏறினால் துளை 2 வந்துவிடும்.

```
p1 + ρ·g·y − ρm·g·h − ρ·g·(y − h) = p2
p1 − p2 = (ρm − ρ)·g·h
```

கழித்தல் எங்கிருந்து வருகிறது என்று இரண்டாவது வரி காட்டுகிறது. ஒரு பக்கம் h உயரத்துக்குப் பாதரசம் நிற்கிறது. மறுபக்கம் அதே h உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு, அது பாதரசத்தின் எடையில் ஒரு பகுதியைச் சமன்செய்துவிடுகிறது. y கணக்கிலிருந்தே போய்விட்டதையும் கவனியுங்கள். யு-குழாயைக் குழாய்க்கு அரை மீட்டர் கீழே வைத்தாலும் இரண்டு மீட்டர் கீழே வைத்தாலும் h மாறாது, இரண்டு பக்கமும் தண்ணீர் நிரம்பியிருக்கும் வரை.

சரி, ஒரு கணக்கு. அகன்ற பகுதியின் விட்டம் 10 செ.மீ., கழுத்தின் விட்டம் 5 செ.மீ., பாதரச மட்ட வேறுபாடு 12 செ.மீ. தண்ணீரின் அடர்த்தி 1000, பாதரசத்தின் அடர்த்தி 13600 கி.கி./மீ³.

```
p1 − p2 = (13600 − 1000) × 9.81 × 0.12 ≈ 14830 Pa
```

விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்று. உள்ளே வரும் தண்ணீர் அத்தனையும் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே v2 = 4·v1. பெர்னௌலி சமன்பாட்டில் இதைப் போட்டால்:

```
p1 − p2 = ½·ρ·(v2² − v1²) = ½·ρ·15·v1²
v1² = 2 × 14830 / (1000 × 15) ≈ 1.98
v1 ≈ 1.41 m/s,  v2 ≈ 5.63 m/s
Q = A1·v1 = 0.00785 × 1.41 ≈ 0.0110 m³/s
```

விநாடிக்கு 11 லிட்டர். இங்கே பெர்னௌலி வரியில் வரும் ρ எப்போதும் ஓடுகிற திரவத்தின் அடர்த்திதான். பாதரசம் ஓடவில்லை, அதற்கு இந்த வரியில் வேலையே இல்லை. மட்ட வேறுபாட்டை அழுத்தமாக மாற்றும் படியில் இரண்டு அடர்த்திகள், அழுத்தத்தை வேகமாக மாற்றும் படியில் ஒரே ஒரு அடர்த்தி. இரண்டு படிகளையும் தனித்தனி வரிகளாக எழுதச் சொல்வேன். ஒரே சூத்திரத்தில் திணித்து எழுதும்போதுதான் அடர்த்திகள் இடம் மாறிப்போகின்றன.

கழிக்க மறந்தால் என்ன ஆகும்? 12600-க்குப் பதில் 13600 போடுவோம். வேகம் வர்க்கமூலத்தில் வருவதால் 13.6/12.6-இன் வர்க்கமூலம், அதாவது 1.039 மடங்கு அதிகமாகக் கிடைக்கும். கிட்டத்தட்ட 4 சதவீதப் பிழை. விடை நம்பும்படியாகவே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து, எண்ணைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது. யு-குழாயில் பாதரசத்துக்குப் பதில் தண்ணீரைவிடச் சற்றே கனமான, அதனுடன் கலக்காத வேறொரு திரவம் இருந்தால் நிலைமை மோசம். அதன் அடர்த்தி 1600 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிக்க மறந்தால் 600 வர வேண்டிய இடத்தில் 1600 வரும், வேகம் 1.6 மடங்குக்கும் மேலே போய்விடும்.

இதைவிடப் பெரிய பிழை h-ஐப் படிப்பதில் நடக்கிறது. ஓட்டம் இல்லாதபோது இரண்டு புயங்களிலும் பாதரசம் ஒரே மட்டத்தில் இருக்கும். ஓட்டம் வந்ததும் ஒன்று 6 செ.மீ. இறங்கும், மற்றது 6 செ.மீ. ஏறும். h என்பது ஒரு மேற்பரப்புக்கும் மற்ற மேற்பரப்புக்கும் உள்ள முழு உயரம், 12 செ.மீ. கேள்வியில் ‘ஒரு புயத்தில் பாதரசம் 6 செ.மீ. உயர்ந்தது’ என்று கொடுத்திருந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். அப்படியே 6 என்று போட்டால் வேகம் 29 சதவீதம் குறைவாக வரும்.

அடுத்தது சாய்ந்த குழாய். தேர்வுகளில் விரும்பிக் கேட்பார்கள். அதே வெஞ்சுரிமானியைச் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீரை மேல்நோக்கி விடுகிறோம். கழுத்துத் துளை அகன்ற பகுதித் துளையைவிட 30 செ.மீ. மேலே. யு-குழாய் அதே 12 செ.மீ. காட்டுகிறது. வேகம் என்ன?

மறுபடியும் விரலை வைத்து நடந்து பாருங்கள். எல்லாம் முன்போலத்தான், கடைசியில் தண்ணீரில் ஏறும் தூரம் மட்டும் z அளவு கூடுகிறது.

```
p1 − p2 = (ρm − ρ)·g·h + ρ·g·z
```

பெர்னௌலியிலும் இப்போது உயரம் வரும்:

```
p1 − p2 = ½·ρ·(v2² − v1²) + ρ·g·z
```

இரண்டையும் சமப்படுத்தினால் ρ·g·z இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. வேகம் அதே 1.41 மீ./வி. கிடையாகவோ செங்குத்தாகவோ சாய்வாகவோ எப்படி வைத்தாலும் h-க்கும் வேகத்துக்கும் உள்ள உறவு மாறாது. காரணம், இணைப்புக் குழாயில் நிற்கும் தண்ணீரும் அதே உயர வித்தியாசத்தைச் சுமக்கிறது. யு-குழாயை எடுத்துவிட்டு, துளைகளிலேயே இரண்டு அழுத்தமானிகளை மாட்டியிருந்தால் கதை வேறு. அவற்றின் வித்தியாசம் 14830 + 2940 = 17770 பாஸ்கல் காட்டும், அதிலிருந்து ρ·g·z-ஐ நீங்களே கழிக்க வேண்டும். கேள்வியில் கொடுத்திருப்பது யு-குழாயின் h-ஆ, அழுத்தமானிகளின் எண்களா என்று பார்த்துவிட்டுத்தான் உயரத்தைத் தொட வேண்டும்.

இனி பிட்டோ குழாய். 1732-இல் ஆன்றி பிட்டோ பாரிஸில் சேன் ஆற்றின் வேகத்தை அளந்தபோது யு-குழாய் தேவைப்படவில்லை. அடியில் வளைத்த ஒரு கண்ணாடிக் குழாயின் வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி ஆற்றில் இறக்கினார். வாயில் மோதும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது, அதன் இயக்க ஆற்றல் அழுத்தமாக மாறுகிறது, குழாய்க்குள் தண்ணீர் ஆற்று மட்டத்துக்கு மேலே ஏறுகிறது. ஏறிய உயரம் h என்றால் v = √(2·g·h). இதில் அடர்த்தியே வரவில்லை, ஏனென்றால் ஓடுவதும் குழாயில் ஏறி நிற்பதும் அதே தண்ணீர், மேலே இருப்பது வெறும் காற்று.

இந்த எளிய வடிவம்தான் பின்னால் தொல்லை தருகிறது. √(2·g·h) மனதில் பதிந்துவிடுவதால், காற்றோட்டத்தில் வைத்த பிட்டோ குழாய்க்கும் பலர் அதையே போடுகிறார்கள். காற்றுக்குழாய் ஒன்றில் பிட்டோ குழாய், அதன் யு-குழாயில் தண்ணீர், h = 5 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். √(2·g·h) போட்டால் 0.99 மீ./வி. வருகிறது. மெதுவாக நடக்கும் ஆளின் வேகம்கூட இல்லை. சரியாகச் செய்து பார்க்கலாம்.

படத்தில் இரண்டு துளைகள். மூக்கு நுனியில், ஓட்டத்தை நேராகப் பார்த்தபடி ஒன்று, அங்கே காற்று நின்றுவிடுகிறது. பக்கவாட்டில், காற்று உரசிக்கொண்டு கடந்து போகும் இடத்தில் இன்னொன்று, அங்கே ஓட்டத்தின் சொந்த அழுத்தம் மட்டும் தெரியும். முன்னது தேக்க அழுத்தம், பின்னது நிலையழுத்தம். மூக்குத் துளை அதிக அழுத்தம் உள்ளது, ஆகவே அதோடு இணைந்த புயத்தில் தண்ணீர் தாழும். வெஞ்சுரியில் வேகம் குறைந்த பக்கம் தாழ்ந்தது, இங்கே வேகமே இல்லாத பக்கம் தாழ்கிறது. இரண்டும் ஒரே விதிதான்.

```
Δp = (1000 − 1.2) × 9.81 × 0.05 ≈ 490 Pa
Δp = ½·ρ(காற்று)·v²
v = √(2 × 490 / 1.2) ≈ 28.6 m/s
```

முதல் வரியில் 1.2-ஐக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் 490-தான். மூன்றாவது வரியில் அதே 1.2-ஐ மறந்து 1000 போட்டால் விடை 29-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரே எண் ஒரு வரியில் புறக்கணிக்கத் தக்கது, இன்னொரு வரியில் எல்லாமே அதுதான். இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் ‘எந்த அடர்த்தி எங்கே’ என்பது மறக்காது.

பெர்னௌலி வரியில் 15 என்ற எண் பிட்டோ குழாய்க்கு ஏன் வரவில்லை? வெஞ்சுரியில் ஓட்டம் வேகமெடுக்கிறது, இரண்டு இடத்திலும் வேகம் உண்டு, இரண்டையும் இணைக்கப் பரப்பு விகிதம் தேவை. பிட்டோ குழாயில் ஒரு இடத்தில் வேகம் பூச்சியம், ஆகவே விகிதம் தேவையில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. வெஞ்சுரிமானி குழாய் முழுவதற்குமான சராசரி வேகத்தைத் தருகிறது, அதிலிருந்து நேராக Q வந்துவிடும். பிட்டோ குழாய் தன் மூக்கு இருக்கும் அந்த ஒரு புள்ளியின் வேகத்தை மட்டும் தருகிறது. குழாயின் நடுவில் வேகம் அதிகம், சுவரை ஒட்டிக் குறைவு. சீரான அடுக்கு ஓட்டமாக இருந்தால் நடு வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. நடுவில் அளந்ததை அப்படியே பரப்பால் பெருக்கி Q என்று எழுதினால் விடையும் இரண்டு மடங்காகிவிடும். பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் இன்னும் சில விஷயங்கள். மேலே போட்ட 11 லிட்டர், உராய்வே இல்லாத ஓட்டத்துக்கான விடை. உண்மையில் குறுகும் பகுதியில் கொஞ்சம் அழுத்தம் உராய்வால் இழக்கப்படுகிறது, யு-குழாய் அந்த இழப்பையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. அதனால் கணக்கிட்ட ஓட்டத்தை ஒரு குணகத்தால் பெருக்குவார்கள். நன்றாகச் செய்த வெஞ்சுரிமானிக்கு அது 0.98 அளவில் இருக்கும், நம் கணக்கில் விநாடிக்கு 10.8 லிட்டர். தண்ணீரைத் தொட்டியில் பிடித்து நேரம் பார்த்து அளந்ததை வைத்து உங்களுக்கு 1-க்கு மேல் குணகம் வந்தால், கருவியைப் புகழாதீர்கள், h-ஐச் சந்தேகப்படுங்கள்.

அந்தச் சந்தேகம் பெரும்பாலும் காற்றுக்குமிழியில் போய் முடியும். நம் சமன்பாடு இணைப்புக் குழாய் முழுக்கத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. அகன்ற பகுதியிலிருந்து இறங்கும் குழாயில் 10 செ.மீ. நீளத்துக்குக் காற்று அடைத்திருந்தால் அந்தப் பக்கம் 10 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் குறைகிறது. பாதரச அளவில் அது 10/12.6, அதாவது கிட்டத்தட்ட 8 மி.மீ. 120 மி.மீ. காட்ட வேண்டியது 112 காட்டும், ஓட்டம் 3 சதவீதத்துக்கு மேல் குறைவாகத் தெரியும், குணகம் 1-ஐத் தாண்டிவிடும். காற்று கிடையாக ஓடும் பகுதியில் மட்டும் இருந்தால் பிழை வராது, செங்குத்து உயரம்தான் கணக்கு.

கண்டுபிடிப்பது சுலபம். வெளியேறும் பக்கத்து வால்வை மூடுங்கள், உள்ளே வரும் பக்கம் திறந்தே இருக்கட்டும். குழாய் நிரம்பிய நிலையில் ஓட்டம் நிற்கும். இப்போது இரண்டு பாதரச மட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். நம் குமிழி இருந்தால் 8 மி.மீ. வித்தியாசம் அப்படியே நிற்கும். காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து குமிழியை விரட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மானியின் மீது சந்தேகம் வரும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கிடைக்குழாயில் துளையைப் பக்கவாட்டில் போடுவதும் இதற்காகத்தான். உச்சியில் போட்டால் காற்று புகும், அடியில் போட்டால் கசடு அடைக்கும்.

கடைசியாக, அளக்கக்கூடிய எல்லை. h வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 11 லிட்டருக்கு 12 செ.மீ. காட்டும் அதே மானி, ஓட்டம் ஐந்தில் ஒன்றாகும்போது இருபத்தைந்தில் ஒரு பங்கு, 4.8 மி.மீ.தான் காட்டும். அளவுகோலில் 1 மி.மீ. தவறாகப் படித்தால் 12 செ.மீ.யில் ஓட்டத்தின் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே. 4.8 மி.மீ.யில் அதே 1 மி.மீ. ஓட்டத்தில் 10 சதவீதம். குறைந்த ஓட்டத்துக்குப் பாதரசத்தை மாற்றிவிட்டு அடர்த்தி குறைந்த திரவத்தைப் போடலாம், (ρm − ρ) சிறியதானால் அதே அழுத்தத்துக்கு h பெரிதாகும்.

காற்றில் வைத்த பிட்டோ குழாய்க்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். 5 மீ./வி. காற்றுக்கு ½ × 1.2 × 25 = 15 பாஸ்கல், தண்ணீரில் ஒன்றரை மில்லிமீட்டர். நிமிர்ந்த யு-குழாயில் அதை நம்பிப் படிக்க முடியாது. அங்கே ஒரு புயத்தை அகலமான கிண்ணமாக்கி, மறு புயத்தைச் சாய்த்துவிடுவார்கள். 10 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. ஏறும் சாய்வு என்றால் அதே ஒன்றரை மில்லிமீட்டர் உயரம் குழாய் நெடுகப் பதினைந்து மில்லிமீட்டராக நீளும். சமன்பாட்டில் h என்று போட வேண்டியது அந்தப் பதினைந்தை அல்ல, அதைச் சாய்வின் சைனால் பெருக்கி வரும் செங்குத்து உயரத்தை.